3-க்கும் 2-க்கும் நடுவுல என்ன இருக்கு?

திருத்திக் குடுத்த லேப் ரிப்போர்ட்டை கையில வச்சுக்கிட்டு ஒரு பொண்ணு வந்து நின்னா. "மிஸ், எனக்கு முடிவுரைக்கு 3 போட்டிருக்கீங்க. 4 வாங்க இன்னும் என்ன எழுதியிருக்கணும்?" சண்டை போட வரல, நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டா. எப்படி எழுதினா எத்தனை மார்க்னு கட்டம் கட்டமா போட்டு வச்சிருக்கற ரூப்ரிக்கை எடுத்துப் பார்த்தேன். 4-க்கு நேரா இருந்த கட்டத்துல "தரவுகளை மிகச் சிறப்பாகப் பயன்படுத்தி ஆழமான முடிவுக்கு வருகிறார்"னு இருந்துச்சு, 3-க்கு நேரா "தரவுகளை நன்றாகப் பயன்படுத்தி தெளிவான முடிவுக்கு வருகிறார்". ரெண்டையும் படிச்சுட்டு, "இன்னும் கொஞ்சம் ஆழமா எழுதியிருக்கலாம்மா"ன்னேன். "எந்த இடத்துல மிஸ்?"னு கேட்டா. அவ பேப்பரை மறுபடி படிச்சேன். விரல் வச்சுக் காட்ட ஒரு இடம் கிடைக்கல.

அந்த ரூப்ரிக்கை எழுதினதே நான்தான், அதனால வேற யார் மேலயும் பழி போட முடியாது. எழுதினப்ப ரொம்ப ஒழுங்கா இருக்குன்னு சந்தோஷப்பட்டது கூட ஞாபகம் இருக்கு. நாலு கட்டமும் ஒரே வாக்கியம், நடுவுல அடைமொழி மட்டும் இறங்கிக்கிட்டே வரும்: மிகச் சிறப்பாக, நன்றாக, ஓரளவு, போதுமான அளவு இல்லை. பார்க்க படிக்கட்டு மாதிரி அழகா இருக்கும். ஆனா நாலு படியிலயும் நின்னு பார்த்தா ஒரே காட்சிதான் தெரியுது, எந்தப் படியில நிக்கறோம்ங்கறது நம்ம நம்பிக்கையைப் பொறுத்தது.

இதை எப்படி மாத்தி எழுதினோம்ங்கறதைத்தான் சொல்லப் போறேன், அதுவும் முழு ரூப்ரிக்கையும் இல்ல, ஒரே ஒரு வரிசையை மட்டும். "ஆதாரத்தை வச்சு முடிவு சொல்றது"ங்கற வரிசை. சோதனை சிம்பிள் பெண்டுலம். நூல்ல ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, லேசா இழுத்து விட்டு, 10 அலைவுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு ஸ்டாப்வாட்ச்ல பார்க்கணும். நூல் நீளத்தை 25, 50, 100 சென்டிமீட்டர்னு மாத்தணும், அப்புறம் 50 சென்டிமீட்டர்லயே வச்சுக்கிட்டு குண்டோட எடையை 50 கிராம், 100 கிராம்னு மாத்தணும். ஓரளவு கவனமா செஞ்சா 10 அலைவுக்கு சுமார் 10.0, 14.2, 20.1 விநாடின்னு வரும். நீளத்தை நாலு மடங்கு ஆக்கினா நேரம் ரெண்டு மடங்குதான் ஆகும், எடையை மாத்தினா நேரம் மாறாது. இந்த ரெண்டு விஷயத்தையும் தங்களோட அட்டவணையை வச்சுப் பசங்க எப்படிச் சொல்றாங்கங்கறதுக்குத்தான் மார்க்.

முதல்ல எவ்வளவு மோசம்னு பார்க்கணும்ல. கூட வேலை பார்க்கற ஒரு சார் இருக்காரு, அவரும் இதே சோதனையை நடத்தறவரு. 24 பேப்பரை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒரு செட், பேர் மறைச்சு, ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் பார்க்காம, இந்த ஒரு வரிசைக்கு மட்டும் லெவல் போட்டோம். 11 பேப்பர்லதான் ஒத்துப் போச்சு. மீதி 13-ல எட்டு பேப்பருக்கு ஒருத்தர் 2 இன்னொருத்தர் 3, நாலு பேப்பருக்கு 3-ஆ 4-ஆங்கற சண்டை, ஒண்ணே ஒண்ணு 1-க்கும் 2-க்கும் நடுவுல. ரெண்டு லெவல் தள்ளிப் போன பேப்பர் ஒண்ணு கூட இல்ல. அதாவது யாரு நல்லா எழுதியிருக்காங்க யாரு சுமாருங்கறதுல எங்களுக்குள்ள கருத்து வேறுபாடே இல்ல. கோடு எங்க போடறதுங்கறதுலதான் பிரச்சனை. இதைக் கவனிச்சதுதான் எனக்குத் திருப்பம், ஏன்னா அதுவரைக்கும் "லெவல் 3-ன்னா என்ன"ன்னு விவரிக்கறதுதான் வேலைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். நாலு லெவலுக்கு நடுவுல மூணு கோடு, எழுத வேண்டியது அந்த மூணைத்தான்.

அந்த எட்டு பேப்பரை நடுவுல வச்சுக்கிட்டு உக்காந்தோம். "இதுக்கு ஏன் சார் 2?"னு கேட்டா, "வாக்கியமே முடியல பாருங்க, பாதில நிக்குது, தெளிவான முடிவுன்னுதானே போட்டிருக்கீங்க"ங்கறாரு. நான் அதே பேப்பருக்கு 3 போட்டிருந்தேன், ஏன்னா பையன் ரெண்டு அளவை எடுத்து ஒப்பிட்டிருந்தான், மொழி தட்டுத்தடுமாறி இருந்தாலும். எட்டுல அஞ்சு பேப்பர் இப்படித்தான். "தெளிவான"ங்கற ஒரு சொல்லை அவரு மொழிக்குப் படிச்சாரு, நான் காரணத்துக்குப் படிச்சேன். ரெண்டு பேரும் தப்பில்ல, கட்டத்துலதான் ரெண்டு விஷயத்தை ஒரே மூட்டையில கட்டி வச்சிருந்தேன். ஒரு கட்டத்துல "மற்றும்" வந்தாலோ, காற்புள்ளி போட்டு ரெண்டு அடைமொழி வந்தாலோ, ஒண்ணு இருந்து இன்னொண்ணு இல்லாத பேப்பர் எந்த லெவல்னு கேட்டுப் பாருங்க. பதில் கட்டத்துல இல்லன்னா திருத்தறவர் தன் இஷ்டத்துக்கு ஒண்ணைத் தேர்ந்தெடுத்துக்குவாரு. மொழியை இந்த வரிசையிலேர்ந்து எடுத்து ஏற்கனவே இருந்த எழுத்து நடை வரிசைக்கு அனுப்பிட்டோம். அந்த அஞ்சு பேப்பர் சண்டை அன்னிக்கே தீர்ந்துச்சு.

மீதிக்கு முதல்ல நான் கொண்டு வந்த வைத்தியம் எண்ணிக்கை. கண்ணால பார்க்கற மாதிரி இருக்கணும்னா எண்ணிட வேண்டியதுதானே? முடிவுரையில அட்டவணையிலேர்ந்து மூணு அளவு காட்டினா 4, ரெண்டுன்னா 3, ஒண்ணுன்னா 2, ஒண்ணுமே இல்லன்னா 1. அதே 24 பேப்பரை ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி போட்டோம், 22-ல ஒத்துப் போச்சு. எனக்கு ஒரே குஷி. அவருதான் ரெண்டு பேப்பரை எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வச்சாரு.

ஒண்ணுல இப்படி இருந்துச்சு: "25 செ.மீ-க்கு 10.0 விநாடி, 50 செ.மீ-க்கு 14.2 விநாடி, 100 செ.மீ-க்கு 20.1 விநாடி. இதிலிருந்து பெண்டுலம் சரியாக வேலை செய்கிறது என்று தெரிகிறது." மூணு அளவு இருக்கு, அதனால 4. இன்னொண்ணு: "நீளம் 25-ல் இருந்து 100 ஆனது, அதாவது 4 மடங்கு. ஆனால் நேரம் 10.0-ல் இருந்து 20.1 தான், கிட்டத்தட்ட 2 மடங்கு. நீளம் கூடினால் நேரம் கூடும், ஆனால் அதே அளவுக்குக் கூடாது." இதுல எடுத்துக் காட்டின நேரம் ரெண்டுதான், அதனால 3. முதல் பையன் அட்டவணையைக் கீழே இன்னொரு தடவை காப்பி பண்ணியிருக்கான், அவ்வளவுதான். ரெண்டாவது பொண்ணு அந்த அட்டவணையை வச்சு யோசிச்சிருக்கா. எங்க ரூப்ரிக் காப்பிக்குக் கூட மார்க் போடுது, அதையும் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒத்துமையா போடறோம்.

ரெண்டு பேர் ஒத்துப் போறது வேற, போட்டது சரிங்கறது வேறன்னு படிச்சிருக்கேன்தான், ஆனா அன்னிக்குத்தான் அது உறைச்சுது. எண்ணிக்கை வச்சா ஒத்துமை சுலபமா வந்துடும், ஏன்னா எண்ணறதுக்கு பாடமே தெரிய வேண்டாம். எண்ணிக்கை தப்பே இல்லன்னும் சொல்ல மாட்டேன். மூணு தடவை அளந்து சராசரி எடுத்தாங்களான்னு பார்க்கற வரிசையில எண்ணித்தான் ஆகணும், அங்க எண்ணிக்கைதான் தரமே. முடிவு சொல்றதுல அப்படி இல்ல, அங்க ஒவ்வொரு லெவல்லயும் பையன் தரவோட செய்யற வேலையே வேற. மாணவர் பதிலை நிலை நிலையா பிரிக்கறதுக்கு பிக்ஸும் காலிஸும் 1982-ல சொன்ன சோலோ வகைப்பாடுன்னு ஒண்ணு இருக்கு, பி.எட்-ல பரிச்சைக்கு மனப்பாடம் பண்ணி மறந்து போன ஆளுதான் நானும். அதுல நடுவுல ஒரு இடம் வரும்: பல விஷயத்தை வரிசையா அடுக்கறது ஒரு நிலை, அடுக்கினதை ஒண்ணோட ஒண்ணு இணைக்கறது அடுத்த நிலை. எத்தனை அடுக்கினாலும் அடுக்கறது இணைக்கறதா ஆகிடாது. அந்த ரெண்டு பேப்பருக்கும் நடுவுல இருந்தது அச்சு அசலா இதுதான்.

அப்புறம்தான் உருப்படியான வேலையை ஆரம்பிச்சோம். ரூப்ரிக்கை மூடி ஓரமா வச்சுட்டு, 24 பேப்பரையும் மேசை மேல பரப்பி, எந்தச் சொல்லும் இல்லாம, நல்லதிலேர்ந்து சுமார் வரைக்கும் நாலு குவியலா பிரிச்சோம். இது அரை மணி நேரத்துல முடிஞ்சுது, ஏன்னா அந்த விஷயத்துலதான் எங்களுக்குள்ள சண்டையே இல்லியே. குவியலோட நடுவுல இருக்கற பேப்பரைப் பார்க்கறதுல பிரயோஜனம் இல்ல, அது எப்படியும் சரியா விழும். லெவல் 3 குவியல்ல கடைசி பேப்பரையும் லெவல் 2 குவியல்ல முதல் பேப்பரையும் எடுத்துப் பக்கத்துல வைக்கணும். வச்சுட்டு ஒரே கேள்வி: இதுல இருக்கற எது அதுல இல்ல? பதிலை விரல் வச்சுக் காட்டணும், பேப்பர்ல ஒரு வாக்கியமோ ஒரு எண்ணோ ஒரு கோடோ. "இவனுக்குப் புரிஞ்சிருக்கு, அவனுக்குப் புரியல"ன்னு சார் ஆரம்பிச்சாரு, "எங்க தெரியுது அது?"ன்னேன், அந்தப் பொண்ணு என்னைக் கேட்ட மாதிரியே. கொஞ்சம் முறைச்சாரு, அப்புறம் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இவன் இந்த ரெண்டு எண்ணையும் எடுத்து இதை விட இது எவ்வளவு அதிகம்னு சொல்லிட்டு அதனாலன்னு போறான், அவன் வெறும் நேரம் கூடும்னு நிறுத்திட்டான்"னாரு. அப்படியே எழுதிக்கிட்டேன்.

இதே மாதிரி மூணு கோட்டுலயும் மூணு ஜோடி பேப்பர் பார்த்தோம். ஒரே ஜோடியை வச்சு எழுதினா அந்தப் பையனோட கையெழுத்து வரைக்கும் கட்டத்துல எழுதற விவரிப்புல, அதாவது டிஸ்கிரிப்டர்ல வந்துடும், மூணு ஜோடியிலயும் திரும்பத் திரும்ப வர்ற வித்தியாசத்தை மட்டும்தான் வச்சுக்கிட்டோம். கடைசியில வரிசை இப்படி ஆச்சு:

1: எதை மாற்றியபோது எது மாறியது (அல்லது மாறவில்லை) என்று சொல்லும் வாக்கியம் இல்லை.

2: அந்த வாக்கியம் இருக்கிறது. அதற்கு ஆதாரமாக அட்டவணையின் அளவுகளை ஒப்பிடவில்லை.

3: அட்டவணையில் இருந்து குறைந்தது இரண்டு அளவுகளை எடுத்து ஒப்பிட்டு, அந்த ஒப்பீட்டில் இருந்து முடிவைச் சொல்கிறார்.

4: 3-ல் உள்ளது இருக்கிறது. கூடவே, முடிவைச் சந்தேகிக்க வைக்கும் ஒரு அளவைத் தன் அட்டவணையில் இருந்து குறிப்பிட்டு, அதனால் முடிவு மாறுமா மாறாதா என்று காரணத்தோடு சொல்கிறார்.

எந்தக் கட்டத்துலயும் நல்ல, மோசமான, சிறப்பான எதுவும் இல்லைங்கறதைக் கவனிங்க, அது தானா நடந்தது. இன்னொண்ணு, நாலு கட்டமும் ஒரே விஷயத்தைத்தான் பேசுது, முடிவுக்கும் அட்டவணைக்கும் நடுவுல என்ன பாலம் இருக்குன்னு. முதல் ட்ராஃப்ட்ல 4-க்கு மட்டும் "சூத்திரத்தோடு ஒப்பிடுகிறார்"னு ஒண்ணைச் செருகியிருந்தேன், நல்ல பசங்க அப்படிச் செஞ்சிருந்தாங்கங்கறதால. அது வேற விஷயம், 3-லயும் 2-லயும் அதைப் பத்தி பேச்சே கிடையாது. அப்படித் திடீர்னு மேல் லெவல்ல மட்டும் புது விஷயம் முளைச்சா, சூத்திரம் எழுதி ஆனா எதையும் ஒப்பிடாத பேப்பரை எங்க வைக்கறதுன்னு தெரியாம முழிப்போம். எடுத்துட்டேன்.

கீழ் கட்டம் எழுதறதும் சுலபமில்ல. பழைய 1-ல "போதுமான அளவு பயன்படுத்தவில்லை"ன்னு இருந்துச்சு, அது அந்தப் பையன் என்ன செஞ்சான்னு எதுவுமே சொல்லாது. எவ்வளவு போதும்னு வேற கேள்வி வரும். புது 1-ம் "இல்லை"ன்னுதான் சொல்லுது, ஒத்துக்கறேன், ஆனா எது இல்லைங்கறது திட்டவட்டமா இருக்கு, அந்த வாக்கியத்தைத் தேடிப் பார்த்து இல்லைன்னு ரெண்டு பேரும் சொல்லிட முடியும். பெண்டுலம் சரியா வேலை செய்யுதுன்னு எழுதின பையன் ஞாபகம் இருக்கா, எண்ணிக்கை ரூப்ரிக்ல 4 வாங்கினவன்? இதுல அவனுக்கு 1. எனக்கே மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு, மூணு எண்ணு எழுதியிருக்கானேன்னு. ஆனா அந்த எண்ணெல்லாம் மேல அட்டவணையிலயே இருக்கு, அதுக்கு அளவீடு வரிசையில மார்க் ஏற்கனவே வாங்கிட்டான். ரெண்டாவது பொண்ணுக்கு 3, அதுவும் சந்தேகமே இல்லாம.

லெவல் 4 பத்திக் கொஞ்சம் கூடச் சொல்லணும், ஏன்னா பசங்க அதிகம் கேட்கறது அந்தக் கோட்டைப் பத்தித்தான். எடையை மாத்தினப்ப ஒரு பொண்ணுக்கு 14.2-ம் 14.4-ம் வந்திருந்துச்சு. அவ எழுதினா: "100 கிராமுக்கு 0.2 விநாடி அதிகம் வந்தது. ஸ்டாப்வாட்ச்சை அழுத்துவதிலேயே அவ்வளவு வித்தியாசம் வரும், ஒரே எடைக்குத் திரும்ப அளந்தபோதும் அப்படி வந்தது. அதனால் எடை மாறினால் நேரம் மாறவில்லை என்றே சொல்கிறேன்." இது 4. ஏன்னு கேட்டா "100 கிராமுக்கு"லேர்ந்து "வந்தது" வரைக்கும் அடிக்கோடு போட்டுக் காட்டிடலாம். ஆழம்னு நான் முன்னாடி சொல்லிக்கிட்டிருந்ததும் இதைத்தான் போல, ஆனா ஆழம்ங்கற சொல்லை வச்சு ஒரு பிள்ளையால இதைக் கண்டுபிடிச்சிருக்க முடியாது.

ஆனா இதையும் உடைச்சாங்க. ரூப்ரிக்கை முன்கூட்டியே பசங்ககிட்ட குடுத்தேன், குடுக்கத்தானே எழுதறது. அப்ப குடுத்த ட்ராஃப்ட்ல 4-க்கு "அளவீட்டுப் பிழையைக் குறிப்பிட்டு"ன்னு மட்டும் போட்டிருந்தேன். அடுத்த ரிப்போர்ட்ல பாதி வகுப்பு கடைசி வரியா "இதில் மனிதப் பிழை இருக்கலாம்"னு எழுதியிருந்துச்சு, கடிதத்துக்குக் கீழ இப்படிக்குன்னு போடற மாதிரி. கண்ணுக்குத் தெரியற விஷயத்தைக் கேட்டா, கண்ணுக்குத் தெரியற மாதிரி மட்டும் செஞ்சு குடுத்துடுவாங்க, அதுல அவங்க தப்பு ஒண்ணும் இல்ல. அதுக்கப்புறம்தான் "தன் அட்டவணையில் இருந்து ஒரு அளவைக் குறிப்பிட்டு"ங்கறதும் "முடிவு மாறுமா மாறாதா"ங்கறதும் வந்துச்சு. எந்தச் சோதனைக்கு வேணும்னாலும் ஒட்ட வைக்கற வரியா இருந்தா அது கணக்குல வராது, இந்த அட்டவணை இல்லாம எழுத முடியாத வரியா இருக்கணும். டிஸ்கிரிப்டர் எழுதினதும், சோதனையே செய்யாத ஒருத்தன் இதை எழுதி லெவல் வாங்கிட முடியுமான்னு யோசிச்சுப் பார்க்கறதை அதுலேர்ந்து பழக்கமாக்கிக்கிட்டேன்.

இன்னொரு அநியாயமும் அப்பதான் கண்ணுல பட்டுச்சு. நான் குடுத்த வேலைத்தாள்ல "உன் முடிவை எழுது"ன்னு மட்டும்தான் இருந்துச்சு. சந்தேகம் வர்ற அளவைப் பத்தி எழுதச் சொல்லி எங்கயும் கேட்கவே இல்ல, ஆனா 4-க்கு அதுதான் வேணும். கேட்காததை எழுதின பிள்ளைக்குத்தான் முழு மார்க்னா, அது அந்த மாதிரி எழுதணும்னு வேற எங்கயோ கத்துக்கிட்டு வந்த பிள்ளைக்குக் குடுக்கற மார்க். வேலைத்தாள்ல ஒரு வரி சேர்த்தேன்: "உன் அட்டவணையில் எந்த அளவு உன் முடிவோடு சரியாகப் பொருந்தவில்லை? அதைப் பற்றி என்ன நினைக்கிறாய்?"

எழுதினதை எப்படிச் சோதிக்கறதுன்னு வருவோம். பரவலா சொல்ற ஒரு வழி, லெவல் எண்ணை எடுத்துட்டு கட்டங்களைத் துண்டு துண்டா வெட்டிக் கலைச்சு, வேற ஒருத்தர்கிட்ட குடுத்து வரிசைப்படுத்தச் சொல்றது. நான் என் பழைய ரூப்ரிக்கை அப்படிக் குடுத்துப் பார்த்தேன், பத்து செகண்ட்ல கரெக்டா அடுக்கிட்டாங்க. அடுக்காம என்ன, மிகச் சிறப்பாக, நன்றாக, ஓரளவுன்னு இருந்தா தமிழ் தெரிஞ்ச யாரும் அடுக்கிடுவாங்க. மோசமான ரூப்ரிக்தான் இந்தச் சோதனையில சூப்பரா பாஸ் ஆகும், அதனால எனக்கு இதுல நம்பிக்கை இல்ல. நான் செய்யறது வேற. ஒரு பேப்பரையும் கட்டங்களையும் குடுத்து, லெவல் போடச் சொல்லி, எந்த வரிக்காக அந்த லெவல்னு அடிக்கோடு போடச் சொல்லுவேன். அப்புறம் "ஏன் இதுக்கு மேல் லெவல் இல்ல?"ன்னு கேட்பேன், "இது இல்ல"ன்னு ஒரு குறிப்பிட்ட பொருளைச் சொல்லணும். "அந்த அளவுக்கு இல்ல"ன்னு பதில் வந்தா அந்தக் கோடு இன்னும் எழுதப்படலன்னு அர்த்தம்.

புது வரிசையை, எழுதறப்ப பார்த்த பேப்பர்ல சோதிக்கக் கூடாது, அதுங்களை வச்சுத்தானே எழுதினோம். அடுத்த வகுப்போட 20 பேப்பரை எடுத்தோம். 16-ல ஒத்துப் போச்சு. எண்ணிக்கை ரூப்ரிக்கை விடக் குறைச்சல்தான், ஆனா இந்த தடவை ரெண்டு பேரும் பெரும்பாலும் அதே வரியிலதான் அடிக்கோடு போட்டிருந்தோம், அது எனக்கு எண்ணை விடப் பெரிசா பட்டுச்சு. ஒத்துப் போகாத நாலுல மூணு ஒரே மாதிரி: "எடை கூடினால் நேரம் கூடும். 50 கிராமுக்கு 14.2, 100 கிராமுக்கு 14.4, அதாவது 0.2 அதிகம்." நான் 3, சார் 2. "தப்பான முடிவுக்கு எப்படிங்க 3 குடுக்கறது?"ங்கறாரு. அவரு கேட்கறது நியாயமா பட்டுச்சு. ஆனா கட்டத்தைப் படிச்சா ரெண்டு அளவு இருக்கு, ஒப்பீடு இருக்கு, ஒப்பீட்டுலேர்ந்துதான் முடிவு வருது. அந்தப் பையனோட அட்டவணையில நிஜமாவே 14.4 அதிகம்தான். அந்த 0.2-ஐ நம்பலாமாங்கற கேள்வி 4-ஓட கோடு, 3-ஓட கோடு இல்ல. பாடம் சரியாங்கறதுக்கு வேற வரிசை இருக்கு, அங்க அவன் மார்க் இழக்கத்தான் போறான், இங்கயும் பிடிச்சா ஒரே தப்புக்கு ரெண்டு தடவை அடி. ரொம்ப நேரம் பேசி 3-ன்னு முடிவு பண்ணினோம், ஆனா கட்டத்துக்குள்ள அதை எழுதல. எழுதினா கட்டம் சட்டப் புத்தகம் மாதிரி நீண்டுடும். பக்கத்துல ஒரு தாள்ல அந்தப் பேப்பரையே ஒட்டி, 3, இந்தக் காரணத்துக்காகன்னு எழுதி வச்சோம்.

ராய்ஸ் சாட்லர்னு மதிப்பீடு பத்தி நிறைய எழுதினவர் 1980-கள்லயே சொன்ன விஷயம்தான் இது, சொல்லுல எழுதின தரம் எப்பவும் கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கும், மாதிரிப் பேப்பர் கூட இருந்தாத்தான் அதுக்கு உருவம் வரும்னு. எவ்வளவு திருத்தி எழுதினாலும் "ஒப்பிட்டு"ங்கற சொல்லுக்கு ஒரு ஓரம் இருக்கத்தான் செய்யும். அதனால கோட்டுக்கு ரெண்டு பேப்பர், மேல் பக்கம் ஒண்ணு கீழ் பக்கம் ஒண்ணுன்னு, மூணு கோட்டுக்கு ஆறு பேப்பர் கையில வச்சிருக்கோம், பேர் அழிச்சது. எல்லாரும் காட்டற அருமையான மாதிரிப் பேப்பர் இதுல ஒண்ணு கூட இல்ல. அதுல யாருக்கும் சந்தேகமே வராதே, அதை வச்சு என்ன பண்றது.

எல்லா வரிசையும் இப்படி வழிக்கு வரல. "ரிப்போர்ட் ஒழுங்கு"ன்னு ஒரு வரிசை இருந்துச்சு, நாலு லெவல். 3-க்கும் 2-க்கும் நடுவுல பேப்பரை வச்சு எவ்வளவு பார்த்தும் விரல் வைக்க எதுவும் கிடைக்கல. நாலுங்கறது நாங்க பார்த்த வித்தியாசம் இல்ல, மத்த வரிசை நாலா இருந்ததால இதுவும் நாலு, அவ்வளவுதான். தலைப்பு, அலகு, அட்டவணைப் பெயர் இதெல்லாம் இருக்கு, இல்லைன்னு ரெண்டு லெவலா சுருக்கிட்டோம். வித்தியாசம் கிடைக்காத இடத்துல சொல்லைத் தேடறதை விட கோட்டை அழிக்கறது மேல்னு எனக்குத் தோணுது, சாருக்கு அதுல இன்னும் சம்மதம் இல்ல, "கூட்டல் ஒழுங்கா வராதுங்க"ங்கறாரு. வராதுதான்.

நாலாவதா ஒத்துப் போகாத பேப்பரைச் சொல்லல பாருங்க. ஒரு பையன் முடிவுரையில ஒப்பீடுன்னு ஒரு வாக்கியம் கூட எழுதல. "நீளம் கூடினால் நேரம் கூடும், படத்தைப் பார்க்கவும்"னு போட்டுட்டு, பக்கத்துல வரைபடம் வரைஞ்சு, 25-க்கும் 100-க்கும் நேரா ரெண்டு புள்ளியில வட்டம் போட்டு, ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு அம்புக்குறி இழுத்து, மேல "× 2"ன்னு எழுதியிருக்கான். சார் 2 போட்டாரு, எழுதலியேன்னு. நான் 3 போட்டேன், விரல் வைக்க இடம் இருக்கேன்னு. இப்போதைக்கு 3-வது கட்டத்துல "எழுதியோ வரைபடத்தில் குறித்தோ"ன்னு பென்சில்ல சேர்த்து வச்சிருக்கேன், அடுத்த பேட்ச் பேப்பர் வந்ததும் பேனாவால எழுதறதா அழிக்கறதான்னு பார்க்கணும்.